கொள்முதல் விலை மாறிக்கொண்டே இருந்தால் பொருள்வாரி மார்ஜினை எப்படி எடுப்பது?

"ஸ்டாக் லெட்ஜரை எக்செல்லில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை சரக்கு வாங்கும்போதும் விலை வேறாக இருக்கிறது. புது விலையைப் பொருள் பட்டியலில் மாற்றினால் போன மாதத்து மார்ஜினும் சேர்ந்து மாறிவிடுகிறது. பொருள்வாரியாக கிராஸ் மார்ஜின் தானாகவே, சரியாக வர என்ன செய்யணும்?"

போன மாதத்து மார்ஜின் மாறுகிறது என்று சொன்னீர்களே, அதிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. உங்கள் ரிப்போர்ட் அடக்க விலையைப் பொருள் பட்டியலிலிருந்து VLOOKUP மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு பொருளுக்கு ஒரு விலைதான் இருக்கும், அதை நேற்று மாற்றினால் ஆறு மாதத்துக்கு முன் விற்ற சரக்குக்கும் நேற்றைய விலையே அடக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபார்முலா சொன்னதைத்தான் செய்கிறது, அடக்கத்தை வைத்திருக்கும் இடம்தான் தப்பு. சரக்கு வெளியே போகிற அந்த வரியில், அந்த நேரத்தில் கையில் இருந்த சரக்கின் விலையை வைத்து அடக்கத்தைக் கணக்கிட்டு, அந்த வரியிலேயே எழுதிவிட வேண்டும். அப்புறம் மார்ஜின் ரிப்போர்ட்டுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை, கூட்டிக் கழித்தால் போதும்.

எந்த முறையில் கணக்கிடுவது என்று கேட்டால், உங்களைப் போல எக்செல்லில் செய்கிறவர்களுக்கு நகரும் சராசரிதான் என் பரிந்துரை. சரக்கு உள்ளே வரும் ஒவ்வொரு தடவையும் இருப்பின் மொத்த மதிப்பையும் மொத்த எண்ணிக்கையையும் கூட்டி, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வருவது புதிய சராசரி. வெளியே போகும்போது அப்போதைய சராசரியில் போகும். வெளியே போவதால் சராசரி மாறாது, உள்ளே வருவதால் மட்டுமே மாறும். முதலில் வந்தது முதலில் போகும் என்கிற ஃபிஃபோ முறையும் சரியானதுதான், சர்வதேச கணக்கியல் தரமான ஐஏஎஸ் 2 இரண்டையும் ஏற்கிறது (கடைசியில் வந்தது முதலில் போகும் என்கிற லைஃபோவை மட்டும் 2003 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்). ஆனால் ஃபிஃபோவுக்கு ஒவ்வொரு கொள்முதலும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அடுக்கு அடுக்காகப் பின்தொடர வேண்டும், ஒரே விற்பனை இரண்டு மூன்று அடுக்குகளைத் தொடும், அதை ஷீட்டில் செய்து பார்த்தால் தலைவலிதான். நகரும் சராசரிக்கு இரண்டு எண்கள் போதும்: கையிருப்பு எத்தனை, அதன் மதிப்பு எவ்வளவு.

ஒரு பொருளை எடுத்து ஓட்டிப் பார்ப்போம். ஆரம்ப இருப்பு 100, ஒன்றின் அடக்கம் 40, ஆக மதிப்பு 4,000. விற்கும் விலை எப்போதும் 65 என்று வைத்துக்கொள்வோம், அப்போதுதான் மார்ஜினில் வரும் மாற்றம் முழுக்க அடக்கத்தால் வந்தது என்று தெளிவாகத் தெரியும்.

முதலில் 60 விற்கிறோம். விற்பனை 3,900, அடக்கம் 60 × 40 = 2,400, மார்ஜின் 1,500. கையில் 40, மதிப்பு 1,600. அடுத்து 60 வாங்குகிறோம், இந்தத் தடவை விலை 50, மதிப்பு 3,000. இப்போது கையில் 100, மதிப்பு 4,600, சராசரி 46. இதிலிருந்து 50 விற்கிறோம்: விற்பனை 3,250, அடக்கம் 2,300, மார்ஜின் 950. மிச்சம் 50, மதிப்பு 2,300. மறுபடி 50 வாங்குகிறோம், விலை 54, மதிப்பு 2,700. கையில் 100, மதிப்பு 5,000, சராசரி 50. கடைசியாக 40 விற்பனை: 2,600-க்கு விற்று 2,000 அடக்கம் போக மார்ஜின் 600. முடிவில் இருப்பு 60, மதிப்பு 3,000.

மொத்தமாக 150 விற்றிருக்கிறோம், விற்பனை 9,750, அடக்கம் 6,700, மார்ஜின் 3,050, அதாவது 31.3 சதவீதம். இதைச் சரிபார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. ஆரம்ப இருப்பின் மதிப்போடு கொள்முதலைக் கூட்டி, அதிலிருந்து இறுதி இருப்பின் மதிப்பைக் கழித்தால் விற்றதன் அடக்கம் வர வேண்டும். 4,000 + 3,000 + 2,700 − 3,000 = 6,700. சரியாக உட்காருகிறது.

இதே சரக்கை நீங்கள் இப்போது செய்வதுபோலக் கடைசிக் கொள்முதல் விலையில் போட்டால் 150 × 54 = 8,100 அடக்கம், மார்ஜின் 1,650, வெறும் 16.9 சதவீதம். கிட்டத்தட்ட பாதி லாபம் காகிதத்தில் காணாமல் போய்விட்டது. இறுதி இருப்பையும் அதே 54-இல் மதிப்பிட்டால் 3,240. அதையும் 8,100-ஐயும் கூட்டினால் 11,340, ஆனால் நாம் மொத்தமே 9,700-க்குத்தான் சரக்கு வைத்திருந்தோம். கொடுக்காத 1,640 எங்கிருந்தோ கணக்குக்குள் நுழைந்திருக்கிறது. வேறு சிலர் மூன்று விலையையும் கூட்டி மூன்றால் வகுத்து 48 என்று வைத்துக்கொள்வார்கள், அதுவும் தப்பு, 100 எண்ணமும் 50 எண்ணமும் ஒரே எடையா என்ன. ஃபிஃபோவில் போட்டால் முதல் 100-க்கு 40, அடுத்த 50-க்கு 50 என்று அடக்கம் 6,500 வரும், மார்ஜின் 33.3 சதவீதம். விலை ஏறிக்கொண்டே போகும்போது ஃபிஃபோ கொஞ்சம் கூடுதல் லாபம் காட்டுவது இயல்பு, பழைய மலிவான சரக்குதான் முதலில் போவதாகக் கொள்கிறது. இரண்டில் எதை எடுத்தாலும் அதிலேயே நில்லுங்கள், மாதத்துக்கு ஒன்றாக மாற்றினால் மார்ஜின் ஏறியதும் இறங்கியதும் வியாபாரத்தாலா கணக்காலா என்று சொல்ல முடியாது.

சரி, ஷீட்டுக்கு வருவோம். எல்லாப் பொருளும் ஒரே ஷீட்டில், தேதி வரிசையில், ஒரு அசைவுக்கு ஒரு வரி. A தேதி, B பொருள் கோடு, C உள்ளே வந்த எண்ணிக்கை, D உள்ளே வந்த மொத்த மதிப்பு, E வெளியே போன எண்ணிக்கை, F விற்பனை மதிப்பு, G அடக்கம், H கையால் போடும் அடக்கம். முதல் வரி தலைப்பு. ஒவ்வொரு பொருளின் ஆரம்ப இருப்பும் அதன் முதல் வரியாக C, D-யில் போகும். F-இல் அரசுக்குக் கட்டும் வரியும் தள்ளுபடியும் போன பிறகு மிஞ்சும் தொகையைப் போடுங்கள். வாங்கும்போது கட்டிய வரி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்றால் அதையும் D-யில் சேர்க்காதீர்கள், திரும்பக் கிடைக்காது என்றால் அது அடக்கத்தில் சேரும். ஐந்தாவது வரியின் G இப்படி இருக்கும்:

```
=IF(H5<>"",H5,IF(E5>0,ROUND(E5*
(SUMIFS(D$1:D4,B$1:B4,B5)-SUMIFS(G$1:G4,B$1:B4,B5))/
(SUMIFS(C$1:C4,B$1:B4,B5)-SUMIFS(E$1:E4,B$1:B4,B5)),2),0))
```

பார்க்க நீளமாக இருந்தாலும் சொல்வது ஒன்றுதான். இந்த வரிக்கு மேலே இதே பொருளுக்கு வந்த மதிப்பிலிருந்து போன அடக்கத்தைக் கழி, அது கையிருப்பின் மதிப்பு. வந்த எண்ணிக்கையிலிருந்து போன எண்ணிக்கையைக் கழி, அது கையிருப்பு. மதிப்பில் இந்த விற்பனைக்கு உரிய பங்கை எடு. தனக்கு மேலே உள்ள வரிகளை மட்டும் பார்ப்பதால், நாளை நீங்கள் எந்த விலைக்கு வாங்கினாலும் இந்த வரி அசையாது. H-இல் ஏதாவது போட்டிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும், அது எதற்கு என்று பின்னால் வருகிறேன். பக்கத்தில் I, J என்று இரண்டு பத்தி வைத்து, இந்த வரி முடிந்த பிறகு உள்ள இருப்பையும் அதன் மதிப்பையும் காட்டிவிடுங்கள், பிழை தேட அவை இல்லாமல் முடியாது.

```
=SUMIFS(C$1:C5,B$1:B5,B5)-SUMIFS(E$1:E5,B$1:B5,B5)
=SUMIFS(D$1:D5,B$1:B5,B5)-SUMIFS(G$1:G5,B$1:B5,B5)
```

ஃபார்முலாவில் சராசரி விலை என்று ஒரு எண்ணைத் தனியாக எடுத்து முழுமையாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான். 3 எண்ணம், மதிப்பு 100 என்றால் சராசரி 33.33 என்று முழுமையாக்கி மூன்றையும் விற்றால் 99.99 தான் வெளியே போகும், எண்ணிக்கை பூஜ்யமான பிறகும் 0.01 மதிப்பு அங்கேயே தொங்கும். இப்படிப் பல பொருளில், பல மாதம் சேர்ந்தால் இல்லாத சரக்குக்கு மதிப்பு காட்டும் லெட்ஜராகிவிடும். மொத்த மதிப்பில் பங்கு எடுத்துக் கடைசியில் முழுமையாக்கினால், கடைசி எண்ணம் போகும்போது மிச்ச மதிப்பு முழுக்க அதோடு போய்விடும்.

இதுவரை எல்லாம் ஒழுங்கான உலகம். நிஜத்தில் சரக்கு முதலில் வரும், பில் பின்னால் வரும். அங்கேதான் நகரும் சராசரி சத்தமில்லாமல் கெடும், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

மேலே சொன்ன அதே கணக்கில், 50 விலைக்கு வாங்கிய 60 எண்ணம் கிடங்குக்கு வந்துவிட்டது, ஆனால் பில் வரவில்லை என்பதால் லெட்ஜரில் ஏற்றவில்லை. இதற்குள் 50 விற்றாயிற்று. லெட்ஜரின் கண்ணுக்குக் கையில் 40 தான், மதிப்பு 1,600. ஃபார்முலா 40 என்ற விலையில் 50-க்கும் சேர்த்து 2,000 அடக்கம் போடும். இருப்பு −10, மதிப்பு −400. எக்செல் எந்தப் பிழையும் காட்டாது. இந்த விற்பனையின் மார்ஜின் 950-க்குப் பதில் 1,250. அப்புறம் பில் வந்து 60 எண்ணம், 3,000 மதிப்பு ஏறுகிறது. இருப்பு 50, மதிப்பு 2,600, சராசரி 52. கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள், 40-க்கும் 50-க்கும் மட்டுமே வாங்கிய பொருளுக்கு 52 எப்படிச் சராசரியாகும்? முன்னால் விற்ற 10 எண்ணத்துக்குக் குறைத்துப் போட்ட 100 இப்போது மிச்சமிருக்கும் 50 எண்ணத்தின் தலையில் விழுந்திருக்கிறது. இனி வரும் விற்பனைகள் அந்தப் பாரத்தைச் சுமக்கும்.

இதில் கெடுதல் என்னவென்றால், மேலே சொன்ன சரிபார்ப்பு இதைப் பிடிக்காது. தொடர்ந்து 54-க்கு 50 வாங்கி 40 விற்றால் கடைசி அடக்கம் 2,120, மொத்த அடக்கம் 6,520, இறுதி இருப்பு 3,180, இரண்டையும் கூட்டினால் அதே 9,700. மொத்தம் பொருந்துகிறது, ஆனால் எந்த விற்பனையில் எவ்வளவு லாபம் என்பது தப்பு, இருப்பின் மதிப்பும் தப்பு. ஒரு மாதம் மார்ஜின் அழகாக இருந்து அடுத்த மாதம் காரணமில்லாமல் சரிந்தால், விற்பனை ஆட்களைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன் இந்த இடத்தைப் பாருங்கள்.

கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். ஒன்று, I பத்தியில் பூஜ்யத்துக்குக் கீழே எது போனாலும் சிவப்பாகத் தெரியும்படி வையுங்கள், மாத முடிவு இருப்பு மட்டும் பார்த்தால் போதாது, நடுவில் ஒரு நாள் மைனஸ் போய்த் திரும்பியிருந்தாலும் சேதம் நடந்ததுதான். இரண்டாவது, J-யை I-யால் வகுத்து வரும் சராசரி, அந்தப் பொருளுக்கு இதுவரை கொடுத்த மிகக் குறைந்த விலைக்கும் மிக அதிக விலைக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சப்ளையருக்குத் திருப்பி அனுப்பியவை போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, அந்த எல்லையைத் தாண்டினால் எங்கோ வரிசை குலைந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று: #DIV/0! வந்தால் அசிங்கமாக இருக்கிறது என்று IFERROR போட்டு மூடாதீர்கள். இருப்பே இல்லாத சரக்கை விற்றதாக எழுதியிருக்கிறீர்கள் என்று அது சொல்கிறது, மூடினால் அந்த விற்பனை முழுக்க லாபமாகிவிடும்.

சரிசெய்ய நல்ல வழி, சரக்கு வந்த நாளிலேயே பர்ச்சேஸ் ஆர்டர் விலையில் ஏற்றிவிடுவது. பில் வந்ததும் வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் திருத்தினால் போதும், வித்தியாசம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். ஏற்கெனவே தவறிவிட்டது, மாதமும் இன்னும் மூடவில்லை என்றால் அந்த வரியை அதன் உண்மையான தேதியில் செருகி, G-யை மேலிருந்து கீழ்வரை மறுபடி காப்பி செய்யுங்கள். இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் நடுவில் ஒரு வரி செருகினால் அதற்கு நேர் கீழே உள்ள வரியின் D$1:D4 மாதிரியான எல்லை தானாக நீளாது, புது வரி அதன் கண்ணில் படாமலே போகும். தேதிவாரியாக வரிசைப்படுத்தினாலும் இதே கதைதான், ஒவ்வொரு தடவையும் G, I, J மூன்றையும் புதிதாக இழுத்துவிடுங்கள். ஒரே நாளில் வரவும் விற்பனையும் இருந்தால் எது முதலில் நடந்ததோ அது மேலே.

மாதம் மூடிக் கணக்கு கொடுத்தாயிற்று என்றால் பழைய வரிகளைத் தொடக் கூடாது. மூடிய நாள்வரை உள்ள G-யை மதிப்பாக ஒட்டி உறைய வைத்துவிடுங்கள், பிறகு வரும் திருத்தம் நடப்பு மாதத்தில் தனி வரியாக வரட்டும். பெரிய மென்பொருள்களும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன. ஈஆர்பிநெக்ஸ்ட்டில் பின்தேதியிட்டு எண்ட்ரி போட்டால் Repost Item Valuation என்று ஒன்று பின்னணியில் ஓடி அதற்குப் பின் உள்ள எல்லா வரியின் மதிப்பையும் திரும்பக் கணக்கிடும். எஸ்ஏபியில் நகரும் சராசரி வைத்த பொருளுக்கு பில் விலை வேறாக வந்து, அதற்குள் சரக்கு குறைந்துபோயிருந்தால், இருப்பு தாங்கும் அளவு வித்தியாசம் மட்டும் இருப்பில் ஏறும், மிச்சம் விலை வித்தியாசக் கணக்குக்குப் போகும். ஈஆர்பிநெக்ஸ்ட்டின் Stock Settings-இல் Allow Negative Stock என்று ஒரு டிக் இருக்கும், பில்லிங் தடைபடுகிறது என்று யாராவது அதைப் போட்டு வைத்திருந்தால் அங்கேயும் இருப்பு மைனஸில் போய் விற்பனையின் அடக்கம் தப்பாக வரலாம்.

எஸ்ஏபி செய்வதைக் கையால் செய்வது கஷ்டமில்லை, சரக்குக் கூலி பில் தாமதமாக வரும்போது அதுதான் வேண்டும். நம் உதாரணத்தில் 60 எண்ணத்தைக் கொண்டுவந்த கூலி 200, அந்த பில் 50 விற்ற பிறகு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200-ஐயும் இருப்பில் ஏற்றினால் மதிப்பு 2,500, சராசரி 50. ஆனால் கூலியை முதலிலேயே சேர்த்திருந்தால் 100 எண்ணத்துக்கு 4,800, சராசரி 48 வந்திருக்கும், விற்ற 50 எண்ணமும் தன் பங்கைச் சுமந்திருக்கும். அதனால் பிரித்துப் போடுகிறோம்: 100-இல் 50 விற்றுவிட்டது, எனவே கூலியில் பாதி, 100, விற்றதன் அடக்கத்துக்கு, மிச்சம் 100 இருப்புக்கு. லெட்ஜரில் ஒரே வரிதான், C பூஜ்யம், D 200, E பூஜ்யம், H 100. கையில் 50, மதிப்பு 2,400, சராசரி 48. சரியான இடத்துக்கு வந்துவிட்டது. H பத்தி இதற்காகத்தான். ஒரே வண்டியில் பத்து பொருள் வந்தால் கூலியை மதிப்பின்படியா எடையின்படியா பிரிப்பது என்று கேட்பார்கள். கனமான, மலிவான சரக்கும் இலேசான, விலை உயர்ந்த சரக்கும் கலந்து வருகிறதென்றால் எடைதான் நியாயம், மதிப்பின்படி பிரித்தால் கனமான பொருளின் மார்ஜின் பொய்யாக உயரும். எல்லாம் ஒரே ரகம் என்றால் எதில் பிரித்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

H-க்கு இன்னொரு வேலை, வாடிக்கையாளர் திருப்பித் தருவது. சராசரி 46 ஆக இருந்தபோது விற்றதில் 10 எண்ணம், சராசரி 50 ஆன பிறகு திரும்பி வருகிறது. அதை 46-இலேயே உள்ளே எடுக்க வேண்டும்: E −10, F −650, H −460. இன்றைய சராசரியான 50-இல் எடுத்தால் விற்பனையே நடக்காத 10 எண்ணத்தில் 40 லாபம் வந்ததாகக் காட்டும். இதற்காகவே திருப்பி வாங்கும்போது பழைய பில் எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது. சப்ளையருக்குத் திருப்புவது சுலபம், C-யும் D-யும் மைனஸில், அவர் எவ்வளவு கழித்துக்கொடுக்கிறாரோ அந்த மதிப்பில்.

ரிப்போர்ட் இனி ஒன்றுமே இல்லை. L2-இல் பொருள் கோடு, M1-இல் தொடக்கத் தேதி, N1-இல் முடிவுத் தேதி:

```
=SUMIFS(F:F,B:B,L2,A:A,">="&M$1,A:A,"<="&N$1)
=SUMIFS(G:G,B:B,L2,A:A,">="&M$1,A:A,"<="&N$1)
```

முதலாவது விற்பனை, இரண்டாவது அடக்கம். சதவீதத்தை எப்போதும் மொத்தத்திலிருந்து எடுங்கள். விற்பனை வரி ஒவ்வொன்றுக்கும் சதவீதம் போட்டு அவற்றைச் சராசரி பார்த்தால், நம் உதாரணத்தில் 38.5, 29.2, 23.1 சேர்ந்து 30.3 வரும், உண்மை 31.3. இங்கே வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் ஒரு பெரிய மொத்த விற்பனையும் பத்து சில்லறை விற்பனையும் உள்ள பொருளில் இது எங்கேயோ போய் நிற்கும். விற்பனைக்குப் பிறகு கொடுக்கும் தள்ளுபடிக்கு எண்ணிக்கை இல்லாத வரியாக F-இல் மைனஸ் போட்டால் அதுவும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

கடைசி விலையை நான் மேலே கொஞ்சம் திட்டினாலும் அதைத் தூக்கி எறிய வேண்டாம். அது வேறொரு கேள்விக்குச் சரியான பதில். இதுவரை எவ்வளவு சம்பாதித்தோம் என்றால் 31.3 சதவீதம். இன்று விற்றுவிட்டு அதே இடத்தில் மறுபடி 54-க்கு வாங்கி வைத்தால் என்ன மிஞ்சும் என்றால் (65 − 54) ÷ 65, அந்த 16.9 சதவீதம். விலை ஏறும் காலத்தில் முதல் எண்ணை மட்டும் பார்த்து விற்கும் விலையை அப்படியே விட்டுவைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பழைய சரக்கு தீர்ந்ததும் மார்ஜின் தரைக்கு வந்துவிடும். ரிப்போர்ட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஆனால் இரண்டாவதை லாபக் கணக்கில் கலக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாகிற பொருள்தான் விலை மாற்ற வேண்டிய பொருள்.

எக்செல் எவ்வளவு தாங்கும் என்பது அடுத்து வரும். ஒவ்வொரு வரியும் தனக்கு மேலே உள்ள எல்லா வரியையும் படிப்பதால், வரி இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும். ஷீட் திணற ஆரம்பித்தால் மூடிய மாதங்களை வேறு ஷீட்டுக்கு மாற்றி, ஒவ்வொரு பொருளின் இறுதி இருப்பையும் புது ஷீட்டின் ஆரம்ப இருப்பாகப் போடுங்கள், அதிலேயே நீண்ட நாள் ஓட்டலாம். டேட்டாபேஸுக்குப் போகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: நகரும் சராசரியை SUM() OVER மாதிரி ஒரு விண்டோ ஃபங்ஷனில் எழுத முடியாது, இந்த வரியின் அடக்கம் முந்தைய வரியின் அடக்கத்தைச் சார்ந்தது என்பதால் வரிவரியாகச் சுற்றி வர வேண்டும், இல்லையென்றால் ரிகர்சிவ் குவரி எழுத வேண்டும். வேடிக்கை என்னவென்றால் ஷீட்டில் தலைவலி தரும் ஃபிஃபோ அங்கே சுலபம், வந்ததன் ஓடும் கூட்டுத்தொகையையும் போனதன் ஓடும் கூட்டுத்தொகையையும் எடுத்து எங்கே ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்று பார்த்தால் போதும்.

உங்கள் பழைய லெட்ஜரை முதலிலிருந்து திருத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள், வேண்டாம். ஒரு மாதத்தின் முதல் தேதியை எடுத்துக்கொண்டு அன்றைக்குச் சரக்கை எண்ணுங்கள். ஒவ்வொரு பொருளிலும் எண்ணி வந்த அளவு நிறையும்வரை கடைசிக் கொள்முதல் பில்களைப் பின்னோக்கிப் புரட்டினால் ஒரு மதிப்பு கிடைக்கும்: கையில் 60 இருந்து, கடைசி பில் 50 எண்ணம் 54-க்கு, அதற்கு முந்தையது 50-க்கு என்றால் 2,700 + 500 = 3,200. அதை ஆரம்ப இருப்பாகப் போட்டு அங்கிருந்து புது ஃபார்முலாவை ஓட விடுங்கள். துல்லியமான சராசரி இதைவிடக் கொஞ்சம் வேறாக இருக்கும், ஆனால் அந்தச் சரக்கு ஒரு சுற்று விற்றுத் தீர்ந்ததும் அந்த வித்தியாசமும் அதோடு போய்விடும்.